எம்சிஎக்ஸ் தங்கத்தில் எந்த நேரத்து பிரேக்அவுட் நிற்கிறது: வால்யூமை வைத்து நான் பார்க்கும் முறை

எம்சிஎக்ஸில் தங்கம் காலை 9 மணிக்குத் திறந்து இரவு 11:30 வரை ஓடுகிறது. திரையில் அது ஒரே நாள், ஒரே சார்ட். ஆனால் அந்தப் பதினான்கரை மணி நேரத்தில் மூன்று வெவ்வேறு கூட்டம் வந்து போகிறது. காலையில் ஷாங்காயும் டோக்கியோவும், மதியம் லண்டன், மாலையில் நியூயார்க். காலையில் 97,150-ஐ உடைக்கும் கேண்டிலும் மாலையில் அதே 97,150-ஐ உடைக்கும் கேண்டிலும் பார்க்க ஒன்றுபோல இருக்கும். அவற்றுக்குப் பின்னால் நிற்கும் பணமோ ஒன்றல்ல.

எங்கள் குடும்பத்துக்குக் கோவையில் ஒரு சிறிய நகைப் பட்டறை இருக்கிறது. கையிருப்புத் தங்கத்துக்குப் பாதுகாப்பாகத்தான் முதலில் கோல்டு மினி காண்ட்ராக்ட் பக்கம் வந்தேன். பிறகு டிரேடிங்காகவும் செய்கிறேன். பட்டறையில் வேலை பார்க்கும் தம்பி ஒருவர் மதியம் சாப்பிட்டுவிட்டு வந்ததும் போனைப் பார்த்து, "அண்ணா, ரேட்டு உடைச்சிருச்சு, இப்பவே கட்டி வாங்கிடலாமா?" என்று கேட்பார். "சாயங்காலம் ஆறரை வரைக்கும் பொறுங்க தம்பி" என்பேன். அந்தப் பதிலுக்குப் பின்னால் இருக்கும் கணக்கைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் கடிகாரம். கீழே வரும் நேரங்கள் எல்லாம் அமெரிக்காவிலும் லண்டனிலும் கோடைக்கால நேரம் நடக்கும் மாதங்களுக்கானவை, அதுவும் இந்திய நேரத்தில்.

ஷாங்காய் ஃபியூச்சர்ஸ் சந்தை நமக்குக் காலை 6:30-க்கே திறந்துவிடுகிறது. டோக்கியோ பங்குச்சந்தை 5:30-க்கு. நாம் 9 மணிக்கு எம்சிஎக்ஸைத் திறக்கும்போது ஷாங்காயில் மணி 11:30, சாப்பாட்டு இடைவேளைக்கு மூடுகிறார்கள். திரும்ப நம் நேரம் 11 மணிக்கு வந்து, 12:30-க்குப் பகல் செஷனை முடிக்கிறார்கள். ஆசிய நேரம் என்று நாம் நினைக்கும் காலைப் பொழுதின் முதல் இரண்டு மணி நேரம், ஆசியாவின் முக்கியமான ஃபியூச்சர்ஸ் கூட்டம் இல்லாத நேரம். இது தெரிந்தபின் 9:30-க்கும் 11-க்கும் நடுவே வரும் பிரேக்அவுட்டை நான் ஒரு தகவலாக மட்டுமே குறித்துக்கொள்கிறேன்.

ஷாங்காய் மூடும் அதே 12:30-க்கு லண்டனில் காலை 8 மணி. அங்கே 3 மணிக்குக் காலை ஏலமும், 7:30-க்கு மாலை ஏலமும் நடந்து எல்பிஎம்ஏ விலை நிர்ணயமாகிறது. நியூயார்க் பக்கம், அங்குள்ள ஃபியூச்சர்ஸ் சந்தையான காமெக்ஸின் பழைய கூச்சல் களம் திறந்த நேரம் நமக்கு மாலை 5:50. களம் போய்விட்டது, பழக்கம் போகவில்லை. இன்றும் காமெக்ஸ் வால்யூம் அந்த நேரத்தை ஒட்டித்தான் ஏறத் தொடங்குகிறது. 6 மணிக்கு அமெரிக்க வேலைவாய்ப்பு, பணவீக்கம் போன்ற தரவுகள் வருகின்றன. 7 மணிக்கு அங்கே பங்குச்சந்தை திறக்கிறது. 11 மணிக்கு காமெக்ஸ் தங்கத்தின் அன்றைய செட்டில்மெண்ட். ஃபெடரல் ரிசர்வ் வட்டி முடிவு வரும் நாளில் அறிக்கை 11:30-க்கு, அதாவது நம் கடை மூடும் அதே நிமிடத்தில்.

மாலை 6-லிருந்து 9 வரை லண்டனும் நியூயார்க்கும் சேர்ந்து இயங்கும் நேரம்தான் நாளின் மிகக் கனமான நேரம். என் தாளில் ஆறு மணிக்கு மேல் வரும் அரைமணி நேர வால்யூம், காலை பத்து மணியின் அரைமணி வால்யூமைப்போலச் சாதாரணமாகவே பல மடங்கு இருக்கும். எந்தச் செய்தியும் இல்லாத நாளிலும் அப்படித்தான்.

இங்கேதான் பெரும்பாலோரின் சார்ட் அவர்களை ஏமாற்றுகிறது. 5 நிமிட வால்யூம் பார்களுக்கு மேல் 20 பார் சராசரிக் கோடு போட்டு, "சராசரியைப்போல இரண்டு மடங்கு வந்தால் பிரேக்அவுட் உண்மை" என்று வைத்துக்கொள்கிறார்கள். 12:30-க்கு லண்டன் வரும்போது அந்த 20 பாரில் இருப்பதெல்லாம் காலையின் மெலிந்த வால்யூம். ஆகவே லண்டனின் சாதாரணமான பார்கூட இரண்டு மடங்காகத் தெரியும். 6 மணிக்கு மறுபடியும் அதே கதை. இரவு பத்தரைக்கு நிலைமை தலைகீழ்: முந்தைய பார்கள் எல்லாம் கனமானவை என்பதால், உண்மையிலேயே புதிதாகப் பணம் வந்தாலும் கோடு அசையாது. நாளின் வால்யூமுக்கென்று ஒரு வடிவம் இருக்கிறது. சராசரிக் கோடு பல நேரங்களில் அந்த வடிவத்தைத்தான் காட்டுகிறது, அன்றைய ஆர்வத்தை அல்ல.

சரியான ஒப்பீடு கடிகாரத்தோடு கடிகாரம். இன்று 12:30 முதல் 1 மணி வரை வந்த வால்யூமை, கடந்த 20 நாட்களில் அதே 12:30 முதல் 1 மணி வரை வந்த வால்யூமோடு ஒப்பிட வேண்டும். இதற்குப் பெரிய மென்பொருள் ஒன்றும் வேண்டாம், ஒரு ஸ்ப்ரெட்ஷீட் போதும். ஒவ்வொரு வரிசையும் ஒரு நாள். A பத்தியில் தேதி. B-இல் 9:00 மணி பார், C-இல் 9:30 என்று போனால் T பத்தி மாலை 6:00 மணி பார். 2 முதல் 21 வரை உள்ள வரிசைகள் கடந்த 20 நாட்கள், 22 இன்று. அப்போது மாலை 6 மணி பாருக்கான விகிதம்:

```
=T22/MEDIAN(T2:T21)
```

சராசரியை எடுக்காமல் இடைநிலை எடுப்பதற்குக் காரணம் உண்டு. மாதத்தில் ஓரிரு தரவு நாட்களில் 6 மணி பார் மலைபோல் எழும். அவை சராசரியைத் தூக்கிவிடும், பிறகு சாதாரண நாளின் நல்ல வால்யூமும் குறைவாகத் தெரியும். இடைநிலை அப்படி அசைவதில்லை.

இந்தக் கணக்கில் காலை 9 மணி பாரை நான் சேர்ப்பதில்லை. முந்தைய இரவு 11:30-லிருந்து காலை 9 வரை ஒன்பதரை மணி நேரத்துச் செய்தி அந்த ஒரு பாரில் கொட்டுகிறது. நேற்று இரவு மாட்டிக்கொண்டவர்கள் வெளியே வருவதும், இடைவெளியோடு திறந்ததைப் பார்த்துப் புதியவர்கள் உள்ளே போவதும் அதில் கலந்திருக்கும். அதை ஆசிய செஷனின் ஆர்வம் என்று படிக்க முடியாது. 9 மணிக்கு விலை நேற்றைய உச்சத்தைத் தாண்டித் திறந்தால், காமெக்ஸ் சார்ட்டைத் திறந்து அந்த உடைப்பு உண்மையில் எப்போது நடந்தது என்று பார்ப்பேன். நள்ளிரவில் நியூயார்க் நேரத்தில் உடைந்து, காலை ஆறரைக்கு ஷாங்காய் வந்த பிறகும் மேலேயே நின்றிருந்தால் அது ஒரு வகை. காலை எட்டு மணிக்குத்தான் உடைந்து நாம் திறந்தபோது உச்சத்தில் இருந்தால் அது வேறு வகை. நம் சார்ட்டில் இரண்டும் ஒரே இடைவெளியாகத்தான் தெரியும்.

காமெக்ஸ் வால்யூமைப் பார்ப்பது அவசியம் என்பதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. எம்சிஎக்ஸ் விலை என்பது உலக விலை, டாலர்-ரூபாய் மதிப்பு, இறக்குமதி வரி மூன்றும் சேர்ந்தது. 23 ஜூலை 2024 அன்று பட்ஜெட்டில் தங்கத்தின் சுங்க வரி 15-லிருந்து 6 சதவீதமாகக் குறைந்தது. சில மணி நேரத்தில் எம்சிஎக்ஸ் விலை 10 கிராமுக்குச் சுமார் 4,000 ரூபாய் இறங்கியது. இங்கே எல்லா ஆதரவு நிலைகளும் உடைந்தன. காமெக்ஸில் அதற்கு ஈடாக எதுவும் நடக்கவில்லை. அது வரி மாறியதால் விலை ஒரு படி இறங்கிய நாள். அதை பிரேக்டவுன் என்று படித்தவருக்கு அடுத்த நாட்களின் சார்ட் எந்த உதவியும் செய்யாது. சிறிய அளவில் இதே குழப்பம் தினமும் காலையில் வரலாம். ரூபாய் மதிப்பு திடீரென்று நகர்ந்தால் தங்கம் உடைப்பதுபோல் தெரியும், காமெக்ஸ் அசையாமல் இருக்கும். மாலை 5 மணிக்கு நம் கரன்சி சந்தை மூடிய பிறகு இந்தக் குழப்பம் பெரிதும் இல்லை. அதற்குப்பின் எம்சிஎக்ஸ் கிட்டத்தட்ட காமெக்ஸின் நிழல்தான்.

காமெக்ஸ் தங்கத்துக்கு `GC` என்ற குறியீடு. இலவச சார்ட்டில் அது பத்து நிமிடம் தாமதமாக வரும். அரைமணி பார்களைப் பார்ப்பவருக்கு அந்தத் தாமதம் பெரிய தடையில்லை. வெளிநாட்டு புரோக்கர் செயலிகளில் வரும் `XAUUSD` சார்ட்டின் வால்யூமை இதற்குப் பயன்படுத்த வேண்டாம். ஸ்பாட் சந்தைக்கு மையமான ஒரு எக்ஸ்சேஞ்ச் இல்லை. அந்த பார்கள் விலை எத்தனை முறை மாறியது என்ற எண்ணிக்கைதான், எவ்வளவு தங்கம் கைமாறியது என்பதல்ல. அனுமதி பெறாத அந்தத் தளங்களில் டிரேட் செய்வது நம் அந்நியச் செலாவணிச் சட்டப்படி தவறு என்பதும், ரிசர்வ் வங்கி இதற்கென எச்சரிக்கைப் பட்டியலே வைத்திருக்கிறது என்பதும் தனிச் செய்தி.

விகிதம் 1.5 அல்லது 2 என்று வந்துவிட்டால் பிரேக்அவுட் நிற்குமா? நிற்காது என்பதற்கு எனக்குத் தெரிந்த மிகத் தெளிவான உதாரணம் 9 ஆகஸ்ட் 2021. வெள்ளிக்கிழமை அமெரிக்க வேலைவாய்ப்புத் தரவு பலமாக வந்து, தங்கம் 1,763 டாலர் அருகே வாரத்தை முடித்திருந்தது. திங்கள் அதிகாலை, நம் நேரம் நாலரை வாக்கில், சில நிமிடங்களில் 1,690-க்குக் கீழே சரிந்தது. அன்று ஜப்பானிலும் சிங்கப்பூரிலும் விடுமுறை. ஆசிய நேரத்தின் மிக மெலிந்த பகுதியில் பெரிய விற்பனை வந்து விழுந்தது. அந்த நிமிடங்களின் வால்யூமை அதே நேரத்தின் வழக்கமான வால்யூமோடு ஒப்பிட்டால் விகிதம் வானத்தில் இருந்திருக்கும். ஆனால் அந்த விலையில் அடுத்து விற்க ஆள் இல்லை. லண்டன் வருவதற்குள் இழந்ததில் பெரும்பகுதியை மீட்டது, அன்றே 1,730 அருகே முடிந்தது. செப்டம்பர் தொடக்கத்தில் 1,800-க்கு மேல் இருந்தது.

இதற்கு நேர் எதிர் 12 ஏப்ரல் 2013. 1,525 டாலரை ஒட்டி நீண்ட காலமாகத் தாங்கிய ஒரு நிலை இருந்தது. வெள்ளிக்கிழமை நியூயார்க் நேரத்தில், நாளின் கனமான வால்யூமோடு, அது உடைந்தது. காமெக்ஸ் 1,501-இல் செட்டில் ஆனது. திங்கள் காலை ஆசியா வந்தது. சீனாவின் வளர்ச்சிக் கணக்கு எதிர்பார்த்ததைவிடக் குறைவாக வெளியானது. ஆசியாவும் விற்றது, லண்டனும் விற்றது, நியூயார்க் திரும்பி வந்து இன்னும் விற்றது. அன்று மட்டும் 140 டாலர், சுமார் 9 சதவீதம் போனது. அந்த 1,525-ஐத் தங்கம் மறுபடி மேலே கடந்தது 2019-இல்தான்.

இரண்டிலும் உடைத்த பாரில் வால்யூம் இருந்தது. வேறுபாடு அதற்கு அடுத்து வந்த கூட்டத்தில் இருக்கிறது. 2013-இல் ஒரு செஷன் உடைத்ததை அடுத்த செஷன் தன் சொந்த வால்யூமோடு ஏற்றுக்கொண்டது. 2021-இல் அடுத்து வந்தவர்கள் எல்லாம் எதிர்ப்பக்கம் நின்றார்கள். ஆகவே நான் கேட்கும் கேள்வி "உடைத்த பாரில் வால்யூம் எவ்வளவு?" என்பதோடு நிற்பதில்லை. "அடுத்த பாரிலும், அடுத்த செஷனிலும் அந்த விலைக்கு வெளியே வியாபாரம் நடக்கிறதா?" என்பதுதான் முக்கியமான கேள்வி.

ஒரு நாளின் தாளை வைத்து இதைக் காட்டுகிறேன். படிக்க எளிதாக எண்களை முழுமையாக்கியிருக்கிறேன். எல்லாம் கோல்டு மினி, `GOLDM`, லாட் 100 கிராம், விலை 10 கிராமுக்கு.

காலை 9:30 முதல் 12:30 வரை விலை 96,850-க்கும் 97,150-க்கும் நடுவே நகர்ந்தது. 300 ரூபாய் ரேஞ்ச். காலையின் அரைமணி பார்கள் சராசரியாக 400 லாட். 12:30-க்கு லண்டன் திறந்ததும் விலை 97,150-ஐத் தாண்டி 97,210-இல் முடிந்தது. அந்த பாரின் வால்யூம் 1,150 லாட். காலையின் சராசரியோடு ஒப்பிடுபவருக்கு இது கிட்டத்தட்ட மூன்று மடங்கு, கை துறுதுறுக்கும். தாளில் அதே அரைமணியின் இடைநிலை 700. விகிதம் 1.6. பரவாயில்லை, கவனிக்க வேண்டிய அளவு, அவ்வளவுதான்.

அடுத்த பார், 1 மணி முதல் 1:30 வரை. வால்யூம் 620, இடைநிலை 650. விகிதம் ஒன்றுக்கும் கீழே. விலை 97,130-இல், ரேஞ்சுக்குள்ளேயே வந்து முடிந்தது.

இதில் என்ன நடந்திருக்கும்? காலை முழுவதும் 97,150-க்குக் கீழே விற்றவர்களின் ஸ்டாப்லாஸ் எல்லாம் அதற்குச் சற்று மேலே குவிந்திருக்கும். லண்டன் வந்ததும் விலை அங்கே தொட, அந்த ஸ்டாப்கள் எல்லாம் வாங்கும் ஆர்டராக மாறி வால்யூமைக் காட்டின. ஸ்டாப்கள் தீர்ந்ததும் வாங்க ஆள் இல்லை. லண்டன் திறப்பின் முதல் அரைமணியில் வரும் உடைப்புகளில் இந்த வகை நிறைய. அடையாளம் இரண்டாவது பாரில் இருக்கிறது: வால்யூம் வழக்கமான அளவுக்குத் திரும்பிவிடும், விலை ரேஞ்சுக்குள் வந்து முடியும். இதே இடத்தில், இன்னும் மூடப்படாமல் இருக்கும் காண்ட்ராக்டுகளின் எண்ணிக்கையான ஓப்பன் இன்ட்ரெஸ்டும் குறைந்திருந்தால் பழைய நிலைகள் மூடப்பட்டன என்பதற்கு அது இன்னொரு சாட்சி. புதிய பணம் வந்த உடைப்பில் அது கூடும்.

தம்பி கட்டி வாங்கலாமா என்று கேட்பது பெரும்பாலும் இந்த 12:30 முதல் 1:30 வரையிலான நேரத்தில்தான்.

மதியம் விலை 96,980 வரை இறங்கி மறுபடி ஏறியது. 3 மணி ஏலம் அமைதியாகப் போனது. 5:30 பாரில் 97,100 வரை வந்து நின்றது. 6 மணிக்கு அமெரிக்கத் தரவு. அந்த பார் 97,150-ஐ உடைத்து 97,380-இல் முடிந்தது. வால்யூம் 4,200, இடைநிலை 2,000, விகிதம் 2.1. இந்த பாரில் நான் நுழைவதில்லை. தரவு வந்த முதல் சில நிமிடங்களில் வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் உள்ள இடைவெளி அகன்றுவிடும். நினைத்த விலை கிடைக்காது, ஸ்டாப்லாஸும் நினைத்த இடத்தில் நிறைவேறாது.

6:30 பாருக்குக் காத்திருந்தேன். வால்யூம் 3,100, இடைநிலை 2,000, விகிதம் 1.55. மிகக் குறைந்த விலை 97,240, முடிந்தது 97,420. மூன்று விஷயங்கள் சேர்ந்தன. இரண்டாவது பாரிலும் வால்யூம் வழக்கத்தைவிட மேலே நின்றது. விலை திரும்பி 97,150-ஐத் தொடக்கூட இல்லை. காமெக்ஸ் சார்ட்டிலும் அதே நேரத்தில் காலை ரேஞ்சின் உச்சம் உடைந்து நின்றிருந்தது. 97,420-இல் வாங்கி 97,100-இல் ஸ்டாப்லாஸ் வைத்தேன். 320 ரூபாய் தூரம். மினியில் ஒரு ரூபாய் நகர்ந்தால் லாட்டுக்கு 10 ரூபாய் என்பதால் ஆபத்து லாட்டுக்கு 3,200 ரூபாய். லாட் எண்ணிக்கையை இந்த 3,200-ஐ வைத்துத்தான் முடிவு செய்வேன்.

7 மணிக்கு அமெரிக்கப் பங்குச்சந்தை திறந்த பாரில் விகிதம் 1.4. 7:30 ஏலத்தைத் தாண்டியும் விலை 97,400-க்கு மேல் இருந்தது. லண்டன் நாள் முடிவை நெருங்கும் 8:30, 9 மணி நேரத்தை நான் கூர்ந்து பார்ப்பேன். லண்டன்காரர்கள் கையிருப்பை முடித்துக்கொண்டு போகும்போது நியூயார்க் தனியாக விலையைத் தாங்குகிறதா என்பது அப்போதுதான் தெரியும். அன்று தாங்கியது. 10:30-க்கு மேல், காமெக்ஸ் செட்டில்மெண்ட் நெருங்கும் நேரத்தில் 97,860-இல் வெளியே வந்தேன். 440 ரூபாய், லாட்டுக்கு 4,400, புரோக்கரேஜும் வரியும் கழிப்பதற்கு முன்.

இன்னும் இருந்திருக்கலாமே என்று கேட்பார்கள். 11 மணி செட்டில்மெண்டுக்குப் பிறகு காமெக்ஸ் வால்யூம் சட்டென்று மெலிகிறது. நமக்கோ 11:30-க்குக் கடை மூடிவிடும், மறுநாள் காலை 9 வரை ஸ்டாப்லாஸ் வேலை செய்யாது. 2021 ஆகஸ்ட் போல அதிகாலையில் ஏதாவது நடந்தால் வெறும் பார்வையாளர்தான். இரவு பத்தரைக்கு மேல் வரும் புதிய பிரேக்அவுட்டை நான் தொடாததற்கும் இதுவே காரணம். அதை ஏற்றுக்கொள்ள வேண்டிய அடுத்த செஷன் ஆசியா. அந்தச் சோதனை நடக்கும்போது நம்மால் எதுவும் செய்ய முடியாது.

லண்டன் நேரத்து உடைப்பு எப்போதுமே போலி என்று இதைப் படித்துவிட வேண்டாம். நிற்கும் லண்டன் உடைப்புகளும் இருக்கின்றன, அவை கொஞ்சம் வேறு மாதிரி நடந்துகொள்கின்றன. முதல் அரைமணியில் பாய்வதற்குப் பதில், 1:30, 2 மணிக்கு மெதுவாக ரேஞ்சின் விளிம்புக்கு வந்து, இரண்டு மூன்று பார்கள் 1.3, 1.4 என்ற விகிதத்தில் சீராக வால்யூம் காட்டி உடைக்கும். 3 மணி ஏலத்துக்குப் பிறகும் திரும்பாது. ஐரோப்பாவில் உண்மையான காரணம் ஒன்று இருக்கும் நாட்களில், உதாரணமாக யூரோ பெரிதாக நகரும் நாட்களில், இதைப் பார்க்கிறேன். ஒற்றை பாரில் 2.5 என்ற விகிதத்தைவிட மூன்று பாரில் 1.4 என்ற விகிதத்தை நான் அதிகம் நம்புகிறேன். ஆனால் மாலை 6 மணிக்கு அமெரிக்கப் பணவீக்கத் தரவு இருக்கும் நாளில் மதியம் எவ்வளவு அழகாக உடைத்தாலும் ஒதுங்கிவிடுவேன். பெரிய பணம் அந்த எண்ணுக்காகக் காத்திருக்கும்போது சிறிய பணம் உடைத்தது நிலைக்க வேண்டிய கட்டாயம் எதுவுமில்லை.

தாளைக் கெடுக்கும் சில விஷயங்கள் உண்டு. முதலாவது காண்ட்ராக்ட் மாறும் நாட்கள். முதிர்வு நெருங்கும்போது வியாபாரம் அடுத்த மாதத்துக்கு நகர்கிறது. பழைய காண்ட்ராக்டின் வால்யூம் தேய்வதும் புதியதில் பெருகுவதும் வெறும் இடமாற்றம். அந்த நாட்களில் இரண்டு மாதத்தின் வால்யூமையும் கூட்டித் தாளில் எழுதுவேன். புதிய காண்ட்ராக்டை மட்டும் பார்த்தால் தினமும் விகிதம் 2, 3 என்று வந்து எல்லா உடைப்பும் பலமாகத் தெரியும்.

அடுத்தது நம் விடுமுறைகள். சில பண்டிகை நாட்களில் எம்சிஎக்ஸ் காலையில் மூடியிருந்து மாலை 5 மணிக்குத் திறக்கும். அன்று 5 மணி பார், மற்ற நாட்களின் 9 மணி பார் போல, தேங்கிய செய்தியெல்லாம் கொட்டும் இடம். அதைத் தாளில் எழுதாமல் காலியாக விட்டுவிடுகிறேன், `MEDIAN` காலி செல்லைக் கணக்கில் எடுக்காது. அமெரிக்க விடுமுறையில் இதற்கு எதிர் நிலைமை: மாலை வால்யூம் வராது. அந்த மாலையில் உடைக்கும் எதையும் நான் தொடர்வதில்லை.

கடைசியாக, கடிகார மாற்றம். அமெரிக்கா மார்ச் இரண்டாவது ஞாயிறு மாறுகிறது, லண்டன் மார்ச் கடைசி ஞாயிறு. நடுவே வரும் அந்த இரண்டு மூன்று வாரங்களில் லண்டன் நமக்கு 1:30-க்குத்தான் திறக்கும், ஆனால் அமெரிக்கத் தரவு 6 மணிக்கே வந்துவிடும். இரண்டும் சேர்ந்து ஓடும் நேரம் ஒரு மணி நேரம் கூடுகிறது. அக்டோபர் கடைசி ஞாயிறு லண்டன் பழைய நேரத்துக்குத் திரும்ப, அமெரிக்கா நவம்பர் முதல் ஞாயிறு வரை காத்திருப்பதால் அங்கேயும் ஒரு வாரம் இதேதான். குளிர்காலத்தில் எல்லாம் ஒரு மணி நேரம் தள்ளிப்போய், லண்டன் 1:30, தரவு 7:00, காமெக்ஸ் செட்டில்மெண்ட் நள்ளிரவு என்று ஆகிறது. எம்சிஎக்ஸ் அப்போது 11:55 வரை. மாறிய முதல் நாளில் 6 மணி பத்தியில் பார்த்தால் வால்யூம் வற்றியதுபோலவும், 7 மணியில் பொங்கியதுபோலவும் தெரியும்.

இதற்கு நான் செய்வது, மாறும் நாளில் மாலைப் பத்திகளை ஒரு மணி நேரம், அதாவது இரண்டு பத்தி, வலப்பக்கம் நகர்த்தி ஒட்டுவது. மார்ச்சில் இடப்பக்கம். லண்டன் பத்திகளை லண்டன் மாறும் தேதியிலும், மாலை 5:30-க்குப் பிறகான பத்திகளை அமெரிக்கா மாறும் தேதியிலும் தனித்தனியே நகர்த்த வேண்டும். காலைப் பத்திகளைத் தொட வேண்டாம், ஷாங்காயும் டோக்கியோவும் கடிகாரத்தை மாற்றுவதில்லை.